சரி-பிழைக் கூற்றுகள் வேலை செய்யாதபோது: விசையும் இயக்கமும் பாடக்குறிப்பை வைத்து ஒரு பழுதுபார்ப்பு

உயர்தரப் பௌதிகவியல் பாடக்குறிப்பிலிருந்து சரி-பிழைத் தாள் தயாரிக்கும் திருகோணமலை ஆசிரியர்களுக்காகவும், ரியூசன் வகுப்பில் புதிதாகப் படிப்பிக்கத் தொடங்கியவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். எல்லா அலகுகளையும் தொடவில்லை. விசையும் இயக்கமும் என்ற ஒரு பகுதி மட்டும்தான். பிள்ளைகள் வெளியிலிருந்து கொண்டுவரும் தவறான எண்ணங்கள் அங்கேதான் ஆழமாக வேரோடியிருக்கின்றன. நியூற்றனின் விதிகளைப் பிசகில்லாமல் ஒப்புவிக்கிற பிள்ளையிடமும் அவை அப்படியே இருக்கும்.

தாளைத் தொட முன்னர், அது எந்தத் தவறான எண்ணங்களைப் பிடிக்க வேண்டும் என்று ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள். இங்கே மூன்றை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, பொருள் இயங்கும் திசையில் அதன்மீது ஒரு விசை இருந்தே ஆகவேண்டும். இரண்டு, வேகம் பூச்சியமான இடத்தில் ஆர்முடுகலும் பூச்சியம். மூன்று, இரண்டு பொருள்கள் மோதும்போது பெரியதுதான் கூடிய விசை கொடுக்கும். எழுதிய கூற்று இந்த மூன்றில் ஒன்றையும் சீண்டவில்லையென்றால் அதைத் திருத்த மினக்கெட வேண்டாம், வெட்டிவிடுங்கள்.

## அறிகுறி 1: வகுப்பே சரியாகப் போட்டுவிட்டது, ஆனால் கணக்கில் அதே பிழை வருகிறது

முதலில் பாருங்கள்: கூற்று குறிப்பிலிருந்து அப்படியே வந்ததா?

“ஒரு பொருளில் தாக்கும் விளையுள் விசை பூச்சியமாயின் அது ஓய்விலோ சீரான வேகத்திலோ இருக்கும்.” குறிப்பில் இருக்கும் இந்த வசனத்தைத் தாளில் போட்டால் எல்லோரும் சரி என்றுதான் போடுவார்கள். நினைவில் இருக்கிறதா என்பதற்கு மேல் அது எதையும் சோதிக்கவில்லை. சோதித்துப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு: பாடத்தைக் கேட்காத ஒருவர், குறிப்பை மட்டும் விரித்து வைத்துக்கொண்டு வசனத்தைத் தேடியே விடை போட முடியுமா? முடியுமென்றால் இந்த வேலைக்கு அந்தக் கூற்று உதவாது.

குறிப்பில் இல்லாத ஒரு சந்தர்ப்பத்துக்குள் அதே விதியைக் கொண்டுபோய் வையுங்கள்.

“மூதூர்ப் பக்கம் போகும் வள்ளம் ஒன்று நேர்கோட்டில் மாறாக் கதியுடன் செல்கிறது. வள்ளத்தை முன்தள்ளும் விசை, நீரும் காற்றும் சேர்ந்து கொடுக்கும் தடையை விடப் பெரியது.”

விடை பிழை, இரண்டும் சமன். மேலே உள்ள விதியைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்ன பிள்ளையும் இங்கே தயங்கும். “சேர், தள்ளுற விசை கூடவா இருந்தாத்தானே வள்ளம் முன்னுக்குப் போகும்?” என்று யாராவது கேட்டால் முதலாவது எண்ணம் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். கூற்று தன் வேலையைச் செய்துவிட்டது.

அடுத்தது: பிழைக் கூற்றை நீங்கள் எப்படி உண்டாக்கினீர்கள்?

சரியான வசனத்தில் “இல்லை”, “அல்ல” என்று ஒட்டவைத்து உண்டாக்கியிருந்தால் கோளாறு இதுதான். “விளையுள் விசை பூச்சியமாயின் பொருள் சீரான வேகத்தில் இயங்காது” என்று எந்தப் பிள்ளையும் தானாக நினைப்பதில்லை. பிழைக் கூற்று, பிள்ளை உண்மையிலேயே நம்புகிற ஒன்றாக இருக்க வேண்டும், முடிந்தால் அவர்களுடைய வாய்ச்சொல்லில். கட்டுரை வினாக்களின் பிழையான வரிகளிலும், விசை வரைபடத்தில் அவர்கள் சும்மா போட்டுவிடும் மேலதிக அம்புக்குறிகளிலும், வகுப்பு முடிந்து வாசலில் நின்று கேட்கும் கேள்விகளிலும் அது கிடைக்கும். ஹெஸ்டனிஸ், வெல்ஸ், ஸ்வாக்ஹாமர் மூவரும் 1992இல் வெளியிட்ட விசைக் கருத்து வினாத்தொகுதி பல்தேர்வு வடிவிலானது. அதிலும் பிழையான தெரிவுகள் மாணவரின் சொந்த நம்பிக்கைகளிலிருந்தே எடுக்கப்பட்டவை. அது இவ்வளவு பேர் பெற்றதற்குப் பெரிய காரணம் இதுதான் என்பது என் கருத்து.

பிறகு: சொல்லே விடையைக் காட்டிக்கொடுக்கிறதா?

“எப்போதும்”, “ஒருபோதும்”, “மட்டுமே” வந்தால் பிழை என்று போடு என்பது பரீட்சைக்குப் பழகிய பிள்ளைகளின் கைவைத்தியம். அதை முறிக்க, அந்தச் சொற்களைச் சரியான கூற்றுகளுக்குள் வையுங்கள். “நிலைக்குத்தாக மேலே எறிந்த பந்து கையை விட்ட கணத்திலிருந்து மீண்டும் கைக்கு வரும் வரை, அதன் ஆர்முடுகல் எப்போதும் கீழ்நோக்கியதே.” வளித்தடை இல்லையெனில் இது சரி. “எப்போதும்” என்பதைக் கண்டவுடன் பிழை போட்டவர் யார், பந்தை நினைத்துப் பார்த்துப் பிழை போட்டவர் யார் என்று ஒரு வார்த்தை கேட்டாலே தெரிந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் எல்லோரும் சரி போட்டால் கடைசிக் காரணம்தான் மிச்சம்: வகுப்புக்கு இது உண்மையிலேயே தெரியும். அந்தக் கூற்றை எடுத்துவிட்டு மேலே போங்கள்.

## அறிகுறி 2: கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் பிழை விடுகிறார்கள், அதுவும் வாதாடுகிறார்கள்

இதைக் கண்டால் பிள்ளையைத் திருத்த முன் கூற்றைச் சந்தேகியுங்கள்.

“கோணேசர் கோயில் மலையிலிருந்து கடலை நோக்கி ஒரே அளவான இரண்டு பந்துகள் ஒரே கணத்தில் விடப்படுகின்றன. பாரமானது முதலில் நீரைத் தொடும்.” குறிப்பை மனதில் வைத்து எழுதியவர் விடை பிழை என்று வைத்திருப்பார். ஆனால் காற்று இருக்கும் உலகத்தில் அந்தக் கூற்று சரி. அளவும் வடிவமும் ஒன்றென்றால், ஒரே கதியில் வளித்தடையும் ஒன்றுதான். திணிவு குறைந்த பந்தை அது கூடுதலாகத் தாமதப்படுத்தும். வளித்தடையை நினைத்துப் பார்த்த பிள்ளைக்குப் புள்ளி போகிறது, நினையாத பிள்ளைக்குக் கிடைக்கிறது.

சோதனை: பிழை விட்ட பிள்ளையிடம் “என்ன நினைச்சு இந்த விடையைப் போட்டனீர்?” என்று மட்டும் கேளுங்கள். வரும் பதிலில் நீங்கள் சொல்லாமல் விட்ட ஒரு நிபந்தனை இருந்தால் கோளாறு உங்கள் பக்கம்.

மலிவான திருத்தம், நிபந்தனைகளைத் தாளின் தலையில் ஒரே தடவையாகப் போடுவது: “வேறு விதமாகக் கூறப்படாவிடின் வளித்தடையைப் புறக்கணிக்க. மேல்நோக்கிய திசையை நேராகக் கொள்க.” ஒவ்வொரு கூற்றிலும் தனித்தனியே போட்டால் எந்தக் கூற்றில் வளித்தடை முக்கியம் என்பதை நீங்களே காட்டிக்கொடுத்துவிடுவீர்கள். திசையைத் தலையில் சொன்னதால் இன்னொரு நல்ல கூற்றும் கிடைக்கிறது: “ஒரு பொருளின் ஆர்முடுகல் மறைப் பெறுமானமாயின் அதன் கதி குறைந்துகொண்டிருக்கிறது.” இது பிழை. கீழே விழும் பந்தின் ஆர்முடுகல் மறைதான், ஆனால் கதி கூடிக்கொண்டே போகிறது.

வள்ளக் கூற்றில் “இயந்திரம் வள்ளத்துக்குக் கொடுக்கும் விசை” என்று எழுதாமல் “வள்ளத்தை முன்தள்ளும் விசை” என்று எழுதியதும் இதே காரணத்துக்காகத்தான். இயந்திரமும் வள்ளத்துக்குள்ளேதான் இருக்கிறது. சுழலி நீரைப் பின்னே தள்ள, நீர்தான் வள்ளத்தை முன்னே தள்ளுகிறது. ஒரு கெட்டிக்காரப் பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு “அப்படியொரு விசையே இல்லை, ஆகவே பிழை” என்று எழுதலாம். விடை பொருந்தும், கேட்ட கேள்வி வேறாகிவிடும்.

## அறிகுறி 3: பாதிப்பேர் சரி, பாதிப்பேர் பிழை

இங்கே இரண்டு வெவ்வேறு நோய்களுக்கு ஒரே காய்ச்சல். ஒன்று, கூற்று விளங்காமல் கண்ணைமூடி அடித்திருக்கிறார்கள். மற்றது, வகுப்பு உண்மையிலேயே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. முதலாவதற்குக் கூற்றைத் திருத்த வேண்டும். இரண்டாவதில் கூற்றைத் தொடவே கூடாது, உங்கள் தாளில் மிகப் பெறுமதியான வரி அதுதான்.

பிரித்தறிய, விடைக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் வையுங்கள்: “உறுதி” அல்லது “ஊகம்”. புள்ளி விடைக்கு மட்டும்தான், இந்தக் கட்டத்துக்கு இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லோரும் உறுதி என்றே போடுவார்கள்.

பெரும்பாலும் ஊகம் என்று வந்தால் வசனத்தைப் பாருங்கள். வழமையான குற்றவாளி, ஒரே கூற்றுக்குள் இரண்டு கூற்றுகள்: “உச்சியில் பந்தின் வேகம் பூச்சியம், ஆகவே ஆர்முடுகலும் பூச்சியம்.” முதற்பாதி சரி, பிற்பாதி பிழை. எந்தப் பாதிக்கு விடை போடுவது? “உச்சியில் பந்தின் ஆர்முடுகல் பூச்சியம்” என்று மட்டும் வையுங்கள். அடுத்த குற்றவாளி இரட்டை மறை: “விசை இல்லாவிடின் இயக்கம் இருக்க முடியாது என்பது உண்மையல்ல.” இதில் பௌதிகவியல் தெரிந்தவரும் தடுக்கி விழுவார்.

உறுதி என்று போட்டவர்கள் பிழையான பக்கத்தில் நின்றால் கூற்று ஆரோக்கியமாக இருக்கிறது. தெரியாத பிள்ளை ஊகம் என்று போடும். தவறான எண்ணம் உள்ள பிள்ளைதான் உறுதியாகப் பிழை விடும். நாம் தேடுவது அந்தப் பிள்ளையைத்தான்.

## அறிகுறி 4: விடை சரி, காரணம் பிழை

சரி-பிழை வடிவத்தின் பிறவிக் குறை இது. உயர்தரப் பல்தேர்வில் ஐந்து தெரிவுகள் இருப்பதால் குருட்டு அடியில் ஐந்தில் ஒன்றுதான் வரும். இங்கே இரண்டில் ஒன்று. அதைவிட மோசமானது, தவறான எண்ணத்தோடேயே சரியான விடைக்கு வந்து சேர்வது.

“மேலே போய்க்கொண்டிருக்கும் பந்தின் மீது கீழ்நோக்கிய விசை ஒன்று உண்டு.” சரி என்று எல்லோரும் போடுவார்கள், புவியீர்ப்பு இருப்பது எல்லோருக்கும் தெரியும்தானே. ஆனால் அதோடு சேர்த்து, கை கொடுத்த விசை பந்துக்குள் தங்கி அதை மேலே கொண்டுபோகிறது என்றும் அவர்களில் பலர் நம்புகிறார்கள். ஜோன் கிளெமென்ற் 1982இல் வெளியிட்ட ஆய்வில், மேலே எறிந்த நாணயத்தின் மீதான விசைகளை வரையச் சொன்னபோது, அமெரிக்கப் பொறியியல் மாணவரில் பெரும்பாலானோர் மேல்நோக்கியும் ஓர் அம்பு போட்டார்கள். நம் பிள்ளைகளின் விசை வரைபடத்திலும் அதே அம்பைக் காணலாம்.

முதல் திருத்தம் ஒரு சொல்தான். “கையை விட்ட பின், மேலே போகும் பந்தின் மீது தாக்கும் விசை அதன் நிறை மட்டுமே.” இது சரி. மேல்நோக்கிய விசையை நம்புகிற பிள்ளை இதைப் பிழை என்று போட்டே ஆகவேண்டும்.

இரண்டாவது திருத்தம் கொஞ்சம் கூடிய வேலை, ஆனால் நான் அதிகம் நம்புவது இதைத்தான். ஒரே பந்தின் மீது நான்கு கூற்றுகளை, வேறு கூற்றுகளுக்கிடையில் சிதறி வையுங்கள். எல்லாமே கையை விட்ட பின்.

- அ) பந்து மேலே போகும்போது அதன்மீதான விளையுள் விசை மேல்நோக்கியது.
- ஆ) உச்சியில் விளையுள் விசை பூச்சியம்.
- இ) பந்து கீழே வரும்போது விளையுள் விசை கீழ்நோக்கியது.
- ஈ) இந்த மூன்று நிலைகளிலும் விளையுள் விசை பருமனிலும் திசையிலும் ஒன்றே.

விளங்கிய பிள்ளையின் வரிசை: பிழை, பிழை, சரி, சரி. நான்கையும் குருட்டடியில் இப்படிப் போடும் வாய்ப்பு 16இல் 1 மட்டுமே.

சரி, சரி, சரி, பிழை என்று வந்தால், விசை இயக்கத்தின் திசையிலேயே இருக்கும் என்ற எண்ணம் முழுமையாக இருக்கிறது. மேலே போகும்போது மேலே, நின்றால் இல்லை, கீழே வரும்போது கீழே. தன்னளவில் ஒழுங்கான சிந்தனைதான் அது. அந்தப் பிள்ளையைக் கவனயீனம் என்று திட்டிப் பயனில்லை.

பிழை, சரி, சரி, பிழை என்று வந்தால் கோளாறு உச்சியில் மட்டும், அதாவது இரண்டாவது எண்ணம். இந்தப் பிள்ளைக்கு முழுப் பாடத்தையும் மீட்கத் தேவையில்லை. ஒரு கேள்வி போதும்: “உச்சியில் விசை பூச்சியமெண்டா பந்து ஏன் அங்கேயே நிக்கேல்ல?”

அ), இ), ஈ) மூன்றையும் சரி என்று போட்டிருந்தால் அவை ஒன்றோடொன்று முரண். இ)யைப் பிழை என்று போட்டிருந்தால் ஒன்றில் அவசரத்தில் வாசித்திருக்கிறது, அல்லது அடித்துவிட்டிருக்கிறது. இ) தனியாக ஒன்றையும் காட்டாது, எல்லா எண்ணக்காரரும் அதைச் சரியாகவே போடுவார்கள். அதனால்தான் அதை அங்கே வைத்தேன். தாளை வாசிக்காத பிள்ளையைக் காட்ட அது போதும்.

மூன்றாவது, விடைக்கு அடியில் “ஏன்?” என்று ஒரு வரி கேட்பது. எல்லாக் கூற்றுக்கும் கேட்டால் திருத்தி முடியாது, பிள்ளைகளும் மூன்றாவது கூற்றிலேயே களைத்துவிடுவார்கள். சந்தேகமான இரண்டு கூற்றுகளுக்கு மட்டும் கேளுங்கள்.

## அறிகுறி 5: உங்கள் விடையும் குறிப்பும் ஒத்துப்போகவில்லை

முதலில் உங்கள் விடையைச் சரிபாருங்கள். அதன் பிறகும் ஒத்துப்போகாவிட்டால் குறிப்பைச் சந்தேகிக்கத் தயங்க வேண்டாம். மூன்றாம் விதியில் கைமாறிக் கைமாறி வரும் ஒரு வரி இது: “மேசை மீதுள்ள புத்தகத்தின் நிறை தாக்கம், மேசை கொடுக்கும் செவ்வன் விசை மறுதாக்கம்.” இரண்டும் இங்கே சமனும் எதிருமானவை என்பதால் பார்வைக்குப் பொருத்தமாகத் தெரிகிறது. ஆனால் இரண்டுமே புத்தகத்தின் மீதுதான் தாக்குகின்றன. தாக்கமும் மறுதாக்கமும் வெவ்வேறு பொருள்களின் மீது இருக்க வேண்டும், ஒரே வகை விசையாகவும் இருக்க வேண்டும். பூமி புத்தகத்தை இழுப்பதற்குச் சோடி, புத்தகம் பூமியை இழுப்பது.

விரைவான சோதனை: மனதில் மேசையை எடுத்துவிடுங்கள். செவ்வன் விசை போய்விடும், நிறை அப்படியே இருக்கும். ஒன்று மறைந்து மற்றது நிற்குமானால் அவை சோடியல்ல.

குறிப்பு பிழையென்றால் விடையைக் குறிப்புக்கு ஏற்ப வளைக்காதீர்கள். அந்த வரியையே ஒரு பிழைக் கூற்றாக வைத்து, குறிப்பிலும் திருத்தச் சொல்லுங்கள்.

மூன்றாவது எண்ணத்துக்கான கூற்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். “லொறி ஒன்று முச்சக்கரவண்டியில் மோதும்போது, லொறி முச்சக்கரவண்டிக்குக் கொடுக்கும் விசை, முச்சக்கரவண்டி லொறிக்குக் கொடுக்கும் விசையை விடப் பெரியது.” இது பிழை. உடனே வரும் கேள்வி, “அப்ப ஏன் சேர் ஓட்டோ மட்டும் நசுங்குது?” அதற்கு ஒரு துணைக் கூற்று வையுங்கள்: “மோதும் கணத்தில் முச்சக்கரவண்டியின் ஆர்முடுகலின் பருமன் லொறியினுடையதை விடப் பெரியது.” இது சரி, லொறியின் திணிவு பத்து மடங்கென்றால், அந்த மோதல் விசையால் வரும் ஆர்முடுகல் பத்தில் ஒன்று. முதலாவதைச் சரி என்றும் இரண்டாவதையும் சரி என்றும் போட்ட பிள்ளை, விசையையும் அதன் விளைவையும் ஒன்றாக எடுத்திருக்கிறது.

## அறிகுறி 6: சில வாரம் கழித்து, பிழைக் கூற்றே பாடமாகத் திரும்பி வருகிறது

தாளில் வாசித்த வசனம் நினைவில் நிற்கும், அதற்குப் பக்கத்தில் போட்ட “பிழை” மறந்துபோகும். காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. விடையைப் பிந்திக் கொடுத்திருப்பீர்கள், அல்லது வெறும் சரி-பிழை அடையாளமாக மட்டும் கொடுத்திருப்பீர்கள்.

அதே அமர்வில் திருத்துங்கள். பிழைக் கூற்று ஒவ்வொன்றிலும் பிழையான சொல்லைப் பிள்ளையே வெட்டிச் சரியானதை மேலே எழுத வேண்டும். வள்ளத்தில் “விடப் பெரியது” வெட்டப்பட்டு “சமன்” ஆகும். அ)வில் “மேல்நோக்கியது” வெட்டப்பட்டுக் “கீழ்நோக்கியது” ஆகும். திருத்தாத பிரதியைப் போட்டோகொப்பி எடுத்துச் சுற்றவிடாதீர்கள். அடுத்த வருடப் பிள்ளை அதைக் குறிப்பென்று நினைத்துப் பாடமாக்கும்.

## எப்போது வேறொருவரைக் கூப்பிட வேண்டும்

கூற்றின் விடையில் இரண்டு ஆசிரியர்கள் காரணத்தோடு முரண்பட்டு, தலையில் நிபந்தனை போட்டும் தீராவிட்டால், அந்தக் கூற்றைத் தாளிலிருந்து எடுத்துவிட்டு வலயக் கல்வி அலுவலகத்தின் பாட ஆசிரிய ஆலோசகரிடம் காட்டுங்கள். அச்சிட்ட குறிப்பில் பிழை என்று சந்தேகித்தாலும் அதையே செய்யுங்கள். கோணேசபுரி வளாகத்தில் பௌதிகவியல் விரிவுரையாளர் யாரையாவது தெரிந்திருந்தால் அவரிடம் கேட்பது இன்னும் விரைவு.

பந்தின் நான்கு கூற்றுகளுக்கும் சரி, சரி, சரி, பிழை என்ற வரிசை, பாடத்தைத் திரும்ப எடுத்த பிறகும் வகுப்பில் பெரும்பாலானோரிடம் மாறாமல் இருந்தால், இனிக் கூற்றுகளை மாற்றி எழுதுவதில் நேரம் போக்க வேண்டாம். ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் துரொல்லியும் சாய்தளமும் கேளுங்கள். துரொல்லியைச் சாய்தளத்தில் மேல்நோக்கித் தள்ளிவிட்டு, உச்சியில் நிற்கும் கணத்தில் அதன்மீது என்ன விசை என்று அங்கேயே கேட்க வேண்டும்.

யாரிடம் போனாலும் கூற்றை மட்டும் கொண்டுபோகாதீர்கள். எத்தனை பேர் எந்த வரிசை போட்டார்கள், எத்தனை பேர் உறுதி என்றார்கள், “ஏன்?” என்ற வரியில் பிள்ளைகள் எழுதியது என்ன என்று அவர்களுடைய சொல்லிலேயே எழுதி எடுத்துச் செல்லுங்கள்.